360 டிகிரி டூர் இருந்தும் மண்டபத்தை நேரில் பார்க்க வருவோர் குறைவாக இருப்பது ஏன்?

மண்டபக்காரர் | மார்ச் 3, இரவு 10:40

சென்ற ஆண்டு எங்கள் திருமண மண்டபத்திற்கு 360 டிகிரி டூர் எடுத்து இணையதளத்தில் வைத்தோம். நான்கு நிமிட நிகழ்ச்சிக் காணொளி ஒன்றும் இருக்கிறது. அதில் வானிலிருந்து எடுத்த காட்சிகள், மெதுவாக ஓடும் காட்சிகள், நல்ல இசை என எல்லாம் உண்டு. பிப்ரவரியில் 62 பேர் விசாரித்தார்கள். நேரில் பார்க்க வந்தவர்கள் 9 பேர், பதிவு செய்தவர்கள் 2 பேர் மட்டுமே. டூரை இன்னும் உயர்ந்த கேமராவில் மறுபடி எடுக்கலாமா என்று யோசிக்கிறேன். செலவு செய்வதற்கு முன் அனுபவமுள்ளவர்களின் கருத்து வேண்டும்.

விற்பனை ஆலோசகர் | மார்ச் 3, இரவு 11:15

கேமராவில் குறை இல்லை, உங்கள் வேகத்தில்தான் குறை. விசாரணை வந்த ஐந்து நிமிடத்திற்குள் பதில் போயாக வேண்டும். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் வாழ்த்துச் செய்தி என்றொரு வசதி இருக்கிறது. அதை இயக்கிவிட்டால் நீங்கள் உறங்கும்போதும் பதில் போய்விடும், வேகப் பிரச்சினை அத்துடன் தீர்ந்தது. இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: 24 மணி நேரம் கடந்துவிட்டால் அந்த வாடிக்கையாளருக்கு நீங்கள் விரும்பியபடி செய்தி அனுப்ப முடியாது.

ஒளிப்பதிவாளர் | மார்ச் 4, காலை 7:30

மேலே சொன்னதில் பாதி சரி. 24 மணி நேரக் கட்டுப்பாடு, பெரிய நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புடன் இணைத்துப் பயன்படுத்தும் வாட்ஸ்அப் தளத்திற்கு உரியது. அங்கே அந்தக் கெடு முடிந்த பிறகு முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற வார்ப்புச் செய்திகளை மட்டுமே அனுப்பலாம். கைப்பேசியில் இருக்கும் சாதாரண பிசினஸ் செயலிக்கு அது பொருந்தாது. மண்டபக்காரர் பயன்படுத்துவது பெரும்பாலும் செயலியாகத்தான் இருக்கும்.

வேகம் முக்கியம் என்பதை மறுக்கவில்லை. 2011இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவியூவில் வந்த ஓர் ஆய்வின்படி, இணைய விசாரணைக்கு ஒரு மணி நேரத்திற்குள் தொடர்புகொண்ட நிறுவனங்கள், அதைத் தாண்டி இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்தவற்றைவிட ஏறத்தாழ ஏழு மடங்கு அதிகமாக, முடிவெடுக்கக்கூடிய ஒருவருடன் பொருளுள்ள உரையாடலைத் தொடங்க முடிந்தது. ஆனால் அது திருமண மண்டபங்களைப் பற்றிய ஆய்வு அன்று என்பதையும், ‘தங்கள் செய்தி கிடைத்தது, நன்றி’ என்ற தானியங்கி வரியை யாரும் உரையாடலாகக் கொள்வதில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மண்டபக்காரரிடம் ஒன்று கேட்கிறேன். அந்த 62 விசாரணைகளையும் திறந்து, விசாரணை வந்த நேரம், நீங்கள் பதில் அனுப்பிய நேரம், அவர்களுடைய முதல் கேள்வி, உங்களுடைய முதல் பதில் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுத முடியுமா? டூரைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம். அதன் இணைப்பையும் அனுப்புங்கள்.

சமையல் ஒப்பந்தக்காரர் | மார்ச் 4, மாலை 4:05

எனக்கு மண்டபம் இல்லை. விருந்துச் சமையல் மட்டும் எடுத்துச் செய்கிறேன். என் சிக்கல் வேறு வகையானது. அழகான ஒரு மண்டபத்தில் நாங்கள் பரிமாறியதைப் படமெடுத்துப் போட்டோம். அதன் பிறகு வந்த விசாரணைகளில் பாதிப் பேர் அந்த மண்டபத்தின் வாடகையைக் கேட்டார்கள். சமையல் யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. மூன்று வாரம் இன்னொருவருடைய மண்டபத்திற்கு நான் இலவச விளம்பரதாரராக இருந்தேன்.

மண்டபக்காரர் | மார்ச் 6, இரவு 9:20

எழுதி முடித்தேன். எழுதியதைப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது.

62 விசாரணைகளில் 38 இரவு எட்டு மணிக்கும் நள்ளிரவுக்கும் இடையே வந்தவை. பகலெல்லாம் வேலைக்குச் சென்றுவிட்டு, இரவில் குடும்பத்தோடு அமர்ந்து தேடுகிறார்கள் போலும். எங்கள் அலுவலகம் காலை பத்தரைக்குத் திறக்கிறது. ஆகையால் அவர்களுக்குப் பதில் போனது மறுநாள் பதினொரு மணியளவில். முதல் செய்தியிலேயே ஒரு குறிப்பிட்ட தேதியை எழுதி அன்று மண்டபம் காலியா என்று கேட்டவர்கள் 41 பேர். எங்கள் முதல் பதிலில் அந்தத் தேதியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. எல்லாருக்கும் பதினெட்டுப் பக்க விவரக் கோப்பும் டூர் இணைப்பும் அனுப்பி, ‘மேலும் விவரங்களுக்கு அழைக்கவும்’ என்று முடித்திருக்கிறோம்.

வாழ்த்துச் செய்தி ஏற்கெனவே இயங்கிக்கொண்டுதான் இருக்கிறது, ஆலோசகரே. அதை எண்ணினால் எங்கள் சராசரிப் பதில் நேரம் மூன்று நொடி.

மணமகளின் அக்கா | மார்ச் 7, காலை 11:50

நான் உங்கள் தொழிலில் இல்லை. தங்கையின் திருமணத்திற்காகப் பதினொரு மண்டபங்களுக்கு எழுதியவள் என்ற முறையில் சொல்கிறேன்.

தேதி காலியில்லை என்றால் எனக்கு அந்த மண்டபத்தின் டூர் தேவையே இல்லை. பதினொன்றில் மூன்று பேர் மட்டுமே தேதியைப் பற்றி முதலில் பதில் சொன்னார்கள். அந்த மூன்று இடங்களை மட்டுமே நேரில் போய்ப் பார்த்தோம். மற்றவை மோசமான இடங்கள் என்று நாங்கள் முடிவு செய்யவில்லை. அவற்றைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சு எழவே இல்லை, அவ்வளவுதான்.

டூர்களைப் பற்றியும் ஒரு மனக்குறை உண்டு. எல்லாமே வாசலில் தொடங்குகின்றன. வாசலில் நின்று தரையிலுள்ள வட்டத்தைத் தட்டி, அது ஏற்றப்படும் வரை காத்திருந்து, இன்னொரு வட்டத்தைத் தட்டி, உள்ளே போவதற்குள் கைப்பேசி சூடாகிவிடுகிறது. எங்கள் பாட்டி சக்கர நாற்காலியில் வருவார். வண்டியிலிருந்து இறங்கும் இடத்திற்கும் மேடைக்கும் இடையே எத்தனை படிகள், சரிவுப்பாதை உண்டா, கழிவறைக் கதவு எவ்வளவு அகலம் என்பவைதாம் என் கேள்விகள். ஒரு டூரிலும் கழிவறை இல்லை. மணப்பெண் அறையின் கண்ணாடியை மட்டும் நான்கு கோணத்தில் காட்டுகிறார்கள்.

புது உறுப்பினர் | மார்ச் 9, இரவு 8:30

ஜூன் 14 அன்று மண்டபம் காலியாக இருக்கிறதா? 250 பேர் வருவார்கள்.

ஒளிப்பதிவாளர் | மார்ச் 10, காலை 6:45

மண்டபக்காரரின் டூரைப் பார்த்தேன். 34 நிலைகளில் எடுத்திருக்கிறார்கள். வாசலிலிருந்து பெரிய கூடத்திற்கு ஆறு தட்டல்கள். படத்தின் தரத்தில் குறை சொல்ல முடியாது. நான் கண்ட குறைகள் இரண்டு. இரண்டையும் புதிய கேமரா தீர்க்காது.

முதலாவது, கூடம் வெறுமையாக இருக்கிறது. அகன்ற பார்வைக் கோணம் அருகில் உள்ளதைப் பெரிதாகவும் தொலைவில் உள்ளதை மிகத் தொலைவாகவும் காட்டும். அளவு தெரிந்த பொருள் ஏதும் அறையில் இல்லாவிட்டால், கண்ணுக்கு அதைத் திருத்திக்கொள்ள வழி இல்லை. அறை உண்மையைவிடப் பெரியதாகவே தோன்றும். நேரில் வருபவர் ‘படத்தில் பெரியதாக இருந்ததே’ என்று சொன்னால், அவர் ஏமாற்றத்தோடு உள்ளே நுழைந்துவிட்டார் என்று பொருள். நாற்காலி, மேசை, நிற்கும் ஓர் ஆள் ஆகியவை படத்தில் இருந்தால் இந்த மயக்கம் பெருமளவு குறையும். கேமராவும் நிற்கும் மனிதரின் கண் மட்டத்தில், அதாவது தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். உங்களுடையதில் சில நிலைகள் அதைவிட உயரத்தில் எடுக்கப்பட்டுள்ளன. நாற்காலி மேல் ஏறி நின்று பார்ப்பது போல இருக்கிறது.

இரண்டாவது, ‘600 பேர் அமரலாம்’ என்ற வரி. எந்த அமைப்பில் 600 பேர்? கூடத்தின் நீள அகலம் சொல்லுங்கள்.

மண்டபக்காரர் | மார்ச் 10, பிற்பகல் 2:10

உள்ளளவு 30 மீட்டருக்கு 18 மீட்டர். 600 என்பது என் தந்தை காலத்திலிருந்து சொல்லி வரும் எண்.

ஒளிப்பதிவாளர் | மார்ச் 10, இரவு 9:55

மொத்தம் 540 சதுர மீட்டர். மேடை, மேடைக்கு முன்னுள்ள திறந்தவெளி, நடைவழிகள், ஒலிக்கருவி வைக்கும் இடம் எல்லாவற்றுக்கும் 150 போனால் மிச்சம் 390. வரிசையாக நாற்காலி மட்டும் போட்டால், இடைவழிகளையும் சேர்த்து ஓர் ஆளுக்கு 0.65 சதுர மீட்டர் வைக்கலாம், 600 வந்துவிடும். உங்கள் தந்தை பொய் சொல்லவில்லை.

ஆனால் பத்துப் பேர் அமரும் 1.8 மீட்டர் வட்டமேசை போட்டுக் கூடத்திலேயே விருந்து வைப்பதானால் கணக்கு வேறு. மேசையின் இரு பக்கமும் நாற்காலிக்கு அரை மீட்டர், பரிமாறுபவர் நடக்க இன்னும் அரை மீட்டர் வைத்தால், ஒரு மேசைக்கு 3.3 மீட்டர் பக்கமுள்ள சதுரம் வேண்டும். அது ஏறத்தாழ 11 சதுர மீட்டர். 390இல் 35 மேசைகள், 350 பேர். தூண் இருந்தால் அதிலும் குறையும். தீயணைப்புத் துறையோ உள்ளாட்சியோ அனுமதித்த எண் இதைவிடக் குறைவாக இருந்தால் அந்த எண்தான் கடைசி எண்.

500 பேருக்கு மேசை விருந்து வேண்டும் என்பவர் உங்கள் டூரைப் பார்த்து ஆசையோடு வருவார், நேரில் பார்த்துத் திரும்பிவிடுவார். 300 பேருக்குத் தேடுபவரோ, ‘600 பேர் மண்டபம் நமக்கு வெறிச்சென்று இருக்கும்’ என்று நினைத்து விசாரிக்கவே மாட்டார். இந்த இரண்டாம் வகையினரை நீங்கள் எண்ணியிருக்க வழியில்லை; அவர்கள் உங்கள் 62இல் இல்லை.

கேமரா ஆர்வலர் | மார்ச் 11, மாலை 5:30

தலைப்பைப் பார்த்து வந்தேன். 360 டிகிரி கேமராவில் திருமண நடனம் எடுக்க எந்த மாதிரி நல்லது? என்னுடையதில் விளக்குகளின் கீழ் கருமையான பட்டைகள் ஓடுகின்றன.

ஒளிப்பதிவாளர் | மார்ச் 11, மாலை 6:20

கேள்வி வேறு இழைக்குரியது. ஆனாலும் நிகழ்ச்சிக் காணொளி எடுக்கும் எல்லாருக்கும் நேர்வது. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள நாட்டில் ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்றும், 60 ஹெர்ட்ஸ் உள்ள நாட்டில் 1/60 அல்லது 1/120 என்றும் வைத்துப் பாருங்கள். மேடைக்குப் பின்னுள்ள எல்இடி திரைக்கு இது எப்போதும் போதாது. அதற்கு அந்த இடத்திலேயே ஷட்டரைச் சிறிது சிறிதாக மாற்றிப் பார்ப்பதே வழி.

விற்பனை ஆலோசகர் | மார்ச் 12, காலை 10:00

மேலே நான் சொன்னதில் ஒரு திருத்தம்: தானியங்கி நன்றிச் செய்தியைப் பதிலாகக் கணக்கிட்டது தவறு. ஆனால் நான்கு நிமிடக் காணொளியை எடுத்துவிட வேண்டாம். முதல் ஈர்ப்பு அதிலிருந்துதான் வரும்.

ஒளிப்பதிவாளர் | மார்ச் 12, இரவு 8:15

எடுத்துவிடச் சொல்லவில்லை. அந்தக் காணொளியில் மண்டபத்தைப் பற்றி என்ன தெரிந்துகொண்டேன் என்று குறித்துப் பார்த்தேன்: மாலை வெளிச்சம் நன்றாக விழுகிறது என்பது மட்டும். இசை பின்னணியை மூடிவிடுவதால் கூடத்தில் எதிரொலி உண்டா என்பது தெரியவில்லை. மெதுவான காட்சியில் கூட்டம் நெரிகிறதா என்பதும் தெரிவதில்லை.

அதனுடன் அரை நிமிடத் துண்டுகள் நான்கைந்து சேர்க்கலாம். வெட்டாமல், இசை சேர்க்காமல், இயல்பான ஒலியோடு எடுத்தவையாக இருக்க வேண்டும். விருந்தினர் அதிகமாக வரும் வேளையில் வண்டி நிறுத்துமிடம். 150 பேர், 250 பேர், 350 பேர் இருக்கையில் கூடத்தின் பின்சுவரிலிருந்து மேடை தெரியும் விதம். மேடையில் ஒருவர் ஒலிபெருக்கியில் பேசும்போது கடைசி வரிசையில் கேட்கும் ஒலி. ஒவ்வொரு துண்டின் மீதும் அன்று வந்தவர்களின் எண்ணிக்கையையும் நேரத்தையும் எழுதுங்கள். கைப்பேசியில் நிலைக்குத்தாக எடுத்தாலே போதும். இசையைத் தவிர்ப்பதில் இன்னொரு வசதியும் உண்டு: காப்புரிமை உள்ள பாடல் சேர்ந்த துண்டுகளைத் தளங்கள் ஊமையாக்கிவிடுகின்றன. அந்த நேரத்தில் அரங்கில் பாடல் ஒலித்துக்கொண்டிருந்தாலும் இதே தொல்லைதான். ஆகவே பேச்சு நடக்கும் வேளையைப் பாருங்கள்.

சமையல் ஒப்பந்தக்காரர் | மார்ச் 13, காலை 9:40

இதை என் பக்கம் திருப்பிப் பார்த்தேன். நாங்கள் போட்ட படங்கள் எல்லாம் முதல் தட்டின் படங்கள். முதல் தட்டை யாரும் அழகாக வைத்துவிடுவார்கள். ருசி பார்க்க வரும் குடும்பத்தினர் கேட்பது, கடைசியாகச் சாப்பிட அமர்பவருக்கும் இதே சூட்டில் கிடைக்குமா என்பதைத்தான். எனவே சென்ற நிகழ்ச்சியில், பரிமாறத் தொடங்கி இரண்டு மணி நேரம் ஆன பிறகு, 310ஆவது விருந்தினருக்குப் பரிமாறும் வேளையில், பாத்திரத்தில் வெப்பமானியைச் செருகி ஒரே காட்சியாக எடுத்தோம். சூடான உணவை 60 டிகிரி செல்சியசுக்கு மேல் வைத்திருக்க வேண்டும் என்பது எங்கள் சமையலறை விதி. காட்சியில் 67 தெரிகிறது. பக்கத்துப் பாத்திரத்தில் 58 இருந்தது. அதைப் படமெடுக்கவில்லை, அடுப்பைத் தூண்டினோம். நேர்மையாகச் சொல்லிவிட்டேன், கேலி செய்ய வேண்டாம்.

மண்டபம் தெரியாதபடி பாத்திரத்தை நெருக்கமாக எடுத்தோம் என்பதையும் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

மணமகளின் அக்கா | மார்ச் 13, பிற்பகல் 1:25

இந்தத் துண்டுகளில் தெரியும் விருந்தினர்களிடம் யார் அனுமதி கேட்கிறார்கள்?

மண்டபக்காரர் | மார்ச் 13, இரவு 10:30

அந்தப் பாடத்தை நாங்கள் ஏற்கெனவே படித்திருக்கிறோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நிகழ்ச்சியின் காட்சியை அன்றிரவே வெளியிட்டோம். உடல்நலமில்லை என்று அலுவலகத்தில் விடுப்பு எடுத்திருந்த ஒருவர் அதில் மிக நலமாக ஆடிக்கொண்டிருந்தார். மறுநாள் காலை மணமகனின் தந்தை என்னை அழைத்தார். வாடகை ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் ‘படங்களைப் பயன்படுத்தலாம்’ என்ற வரி இருக்கத்தான் செய்தது. அதைக் காட்டி வாதாடுவது அசிங்கமாகப் பட்டது. காட்சியை நீக்கிவிட்டோம்.

இப்போது ஒப்பந்தத்தில் அல்லாமல் தனித்தாளில் கேட்கிறோம். மறுத்தால் வாடகையிலோ சேவையிலோ மாற்றம் இல்லை என்று எழுதியிருக்கிறது. மணமக்கள் சம்மதித்தாலும் குழந்தைகளின் முகம் தெரியும் காட்சி கிடையாது. மற்ற விருந்தினர்களை முதுகுப்பக்கமிருந்து மட்டும் எடுக்கிறோம். வெளியிடுவதற்கு முன் துண்டை மணமக்களுக்கு அனுப்பிக் காட்டுகிறோம். மூன்றில் ஒருவர் மறுக்கிறார்கள்.

மணமகளின் அக்கா | மார்ச் 14, காலை 8:10

பின்சுவரிலிருந்து எடுத்தால் முதுகுதானே தெரியும். உங்களுக்கும் அதுதான் தேவை.

மண்டபக்காரர் | மார்ச் 16, இரவு 11:00

செய்த மாற்றங்களைப் பதிவு செய்கிறேன்.

பதில் சொல்லும் வேலையை இரவு எட்டு முதல் பதினொன்று வரை நானும் என் மைத்துனரும் மாறி மாறிப் பார்க்கிறோம். முன்பதிவுப் பேரேடு அலுவலகத்தில் பூட்டியிருந்ததுதான் உண்மையான தடை. தேதி காலியா என்று வீட்டிலிருந்து சொல்ல முடியாததால்தான் விவரக் கோப்பை அனுப்பிச் சமாளித்திருக்கிறோம். இப்போது இருவர் கைப்பேசியிலும் ஒரே நாட்காட்டி இருக்கிறது. ஒருவருக்காகத் தற்காலிகமாக நிறுத்தி வைத்த தேதியை மஞ்சளில் குறித்து, 72 மணி நேரக் கெடுவையும் எழுதுகிறோம். கெடு எழுதாத நாட்களில் ஒரே தேதியை மைத்துனரும் நானும் இரண்டு குடும்பங்களுக்குச் சொல்லி வைத்த கதையும் உண்டு.

இணையதளத்தின் விசாரணைப் பொத்தானை மாற்றினோம். தட்டியதும் வாட்ஸ்அப்பில் கேள்விகள் நிரம்பிய செய்தி திறக்கும்:

```
https://wa.me/<எண்>?text=தேதி:%0Aவிருந்தினர்:%0Aவிருந்து%20கூடத்திலா,%20தனி%20இடத்திலா:
```

எண்ணை நாட்டுக் குறியீட்டோடு, கூட்டல் குறியும் முன்பூச்சியமும் இல்லாமல் எழுத வேண்டும். `%0A` என்பது அடுத்த வரிக்குப் போக, `%20` என்பது சொற்களுக்கு இடையே இடைவெளி விட. முதலில் ஏழு கேள்விகள் வைத்திருந்தேன். பலர் திறந்துவிட்டு அனுப்பாமலே போனார்கள் என்று சந்தேகித்து மூன்றாகக் குறைத்தேன்.

பதிலின் முதல் வரி தேதிக்கான விடை. காலியில்லை என்றால் அருகிலுள்ள இரண்டு காலித் தேதிகள். அடுத்து, அவர்கள் சொன்ன எண்ணிக்கைக்கு நெருங்கிய நிகழ்ச்சித் துண்டு ஒன்று. பிறகு, வாசலை விட்டுக் கூடத்தின் நடுவிலேயே திறக்கும் டூர் இணைப்பு. விவரக் கோப்பு கேட்டால் மட்டும்.

விற்பனை ஆலோசகர் | மார்ச் 17, காலை 10:20

வாடகையை எங்கே சொல்கிறீர்கள்?

மண்டபக்காரர் | மார்ச் 17, மாலை 7:00

நேரில் வரும்போது.

மணமகளின் அக்கா | மார்ச் 17, மாலை 7:20

தோராய அளவுகூடச் சொல்லாத இடத்திற்கு நாங்கள் போகவில்லை. ஒருவருக்கும் இன்னொருவருக்கும் வாடகை மாறுமோ என்ற சந்தேகம் வந்துவிடுகிறது.

விற்பனை ஆலோசகர் | மார்ச் 18, காலை 9:15

சொன்னால் அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்து ஒப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பல ஆண்டு அனுபவத்தில் சொல்கிறேன்.

சமையல் ஒப்பந்தக்காரர் | மார்ச் 18, காலை 9:50

நான் குறைந்த அளவும் அதிக அளவும் சொல்கிறேன். எல்லாரும் குறைந்ததை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். ஆகையால் இப்போது 300 பேருக்கு நடந்த ஒரு நிகழ்ச்சியின் முழுக் கணக்கை, குடும்பத்தின் விவரம் நீக்கி அனுப்புகிறேன். பேரம் குறைந்ததா என்று கேட்டால், இல்லை.

மண்டபக்காரர் | மார்ச் 21, இரவு 10:15

இழையை மேலிருந்து மறுபடி படித்தபோதுதான் மார்ச் 9 அன்று புது உறுப்பினர் கேட்டது கண்ணில் பட்டது. ஜூன் 14 காலியாகத்தான் இருக்கிறது. 250 பேருக்கு எடுத்த காட்சியும் இருக்கிறது.

புது உறுப்பினர் | மார்ச் 21, இரவு 10:18

வேறிடத்தில் பதிவு செய்துவிட்டோம்.

ஒளிப்பதிவாளர் | மார்ச் 21, இரவு 10:30

பன்னிரண்டு நாட்கள். அந்தத் தாளில் இதையும் எழுதிவிடுங்கள்.

மண்டபக்காரர் | ஏப்ரல் 18, இரவு 9:45

மார்ச் 17 முதல் ஏப்ரல் 14 வரையிலான கணக்கு: விசாரணை 57, நேரில் வந்தவர்கள் 17, பதிவு 4. மகிழ்ச்சிதான், ஆனால் இந்த மாதங்களில் எப்போதுமே பதிவு சற்று அதிகம் என்பதால் எவ்வளவு நம் வேலை, எவ்வளவு பருவத்தின் வேலை என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. நேரில் வந்த 17 பேரில் ‘படத்தில் பெரியதாக இருந்தது’ என்று சொன்னவர் ஒருவர்தான். முன்பு எத்தனை பேர் சொன்னார்கள் என்று நான் குறித்து வைக்கவில்லை.

இணையதளத்தில் ‘600 பேர்’ என்பதை ‘நாற்காலி வரிசையில் 600, மேசை விருந்தில் 350’ என்று மாற்றினேன். தந்தைக்கு இதில் வருத்தம்.

அடுத்த வாரம் டூரை, பழைய கேமராவிலேயே, 350 பேருக்கு மேசை போட்ட நிலையில் ஒருமுறை எடுக்கிறோம். 34 நிலைகள் 12 ஆகின்றன. இறங்குமிடம், சரிவுப்பாதை, கழிவறைக் கதவு மூன்றும் அந்தப் பன்னிரண்டில் உண்டு.

மணமகளின் அக்கா | ஏப்ரல் 19, காலை 7:40

கதவின் அகலத்தைப் படத்திலேயே எண்ணாக எழுதிவிடுங்கள். அளவுநாடாவோடு வந்து நிற்கும் என்னைப் போன்றவர்களைப் பார்த்துக் காவலாளி சிரிக்கிறார்.

மண்டபக்காரர் | ஏப்ரல் 19, காலை 8:05

நேற்றே அளந்தேன். கூடத்தின் பக்கமுள்ளது 92 சென்டிமீட்டர். விருந்திடத்தின் பக்கமுள்ளது 68. அதில் சக்கர நாற்காலி போகுமா?

மணமகளின் அக்கா | ஏப்ரல் 19, காலை 8:20

பாட்டியின் நாற்காலி 66 சென்டிமீட்டர். கைகளை உள்ளே வைத்துக்கொண்டால் போகும். கதவு முழுதாகத் திறக்குமானால்.

மண்டபக்காரர் | ஏப்ரல் 19, காலை 8:50

முழுதாகத் திறக்கவில்லை. பின்னால் கைகழுவும் தொட்டி இடிக்கிறது. தச்சரை அழைத்திருக்கிறேன், படப்பிடிப்பு ஒரு வாரம் தள்ளிப்போகும்.